கிணறு வெட்டினார்கள், கிணற்றைத் தூர்த்தார்கள்: 'ஐ' எங்கே வரும், எங்கே வராது?

'கிணறு வெட்டினார்கள்' என்கிறோம். அதே கிணற்றை மூடியதைச் சொல்லும்போது 'கிணற்றைத் தூர்த்தார்கள்' என்கிறோம். 'வீடு கட்டினான்', 'வீட்டை இடித்தான்' என்பதும் அப்படித்தான். நான்கிலும் கிணறும் வீடும் செயப்படுபொருள்தான். இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' மட்டும் ஓரிடத்தில் வருகிறது, இன்னோரிடத்தில் வரவில்லை. 'வீடு இடித்தான்' என்று யாராவது எழுதினால் ஏதோ குறைகிறது என்று காது உடனே சொல்லிவிடும். 'வீட்டைக் கட்டினான்' என்றால் பிழையில்லை, ஆனால் எந்த வீடு என்பது முன்பே பேசப்பட்டிருக்க வேண்டும்.

பள்ளியில் இதற்கு ஒரு பெயர் சொல்லிக்கொடுத்தார்கள்: உருபு மறைந்து வந்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. பெயர் சரிதான். எப்போது மறையலாம், எப்போது மறையவே கூடாது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது தானாக வந்துவிடுவதால் கேள்வியும் எழுவதில்லை. பிறமொழிக்காரர் தமிழ் கற்க வந்து, 'புத்தகம் படித்தேன் என்கிறீர்கள், ஆசிரியர் பார்த்தேன் என்று ஏன் சொல்லக்கூடாது?' என்று கேட்கும்போதுதான் நாம் யோசிக்கத் தொடங்குகிறோம்.

செயப்படுபொருள்களில் சிலவற்றுக்கு மட்டும் உருபு கொடுத்து மற்றவற்றை வெறுமனே விடும் இந்த வழக்கம் உலகில் ஏராளமான மொழிகளில் இருக்கிறது. கேயார்க் போஸ்ஸோங் என்ற மொழியியலாளர் 1980களில் இதற்கு ஒரு பொதுப்பெயர் வைத்தார். செயப்படுபொருள் வேறுபாட்டுக் குறிப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். எந்தப் பொருளுக்கு உருபு கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. அது எந்த அளவுக்கு ஆள் போன்றது? அது இன்னது என்று கேட்பவருக்கு எந்த அளவுக்குத் தெரியும்? முதல் கேள்விக்கான வரிசையை உயிர்மைப் படிநிலை என்பார்கள். பேசுபவரையும் கேட்பவரையும் குறிக்கும் நான், நீ போன்ற சொற்கள் உச்சியில் நிற்கும். அவற்றுக்குக் கீழே ஆட்களின் பெயர்கள், பிறகு பொதுவாக மனிதர்கள், பிறகு விலங்குகள், அடியில் உயிரற்றவை. 1976இல் மைக்கேல் சில்வர்ஸ்டீன் இப்படியொரு படிநிலையை முன்வைத்தார். அதன் பிறகு மொழிக்கு மொழி கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பது ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது.

தமிழில் முதல் கோடு மிக அழுத்தமாக உயர்திணைக்கும் அஃறிணைக்கும் நடுவில் விழுகிறது. கேள்விச் சொற்களை வைத்து அதைச் சோதிக்கலாம். 'என்ன பார்த்தாய்?' என்று உருபில்லாமல் கேட்கிறோம். இரண்டு மூன்று பொருள்கள் கண்ணெதிரே இருந்து, அவற்றில் ஒன்றைக் கேட்டால் 'எதைப் பார்த்தாய்?' என்கிறோம். ஆளைக் கேட்கும்போது 'யாரைப் பார்த்தாய்?' என்ற ஒரே வழிதான் உண்டு. யாரென்று துளியும் தெரியாவிட்டாலும் உருபு வந்தே ஆக வேண்டும். எதிர்மறையிலும் இதே கதை. 'ஒன்றும் பார்க்கவில்லை' என்றால் பார்த்த பொருள் எதுவுமில்லை என்று புரிந்துகொள்கிறோம். 'யாரும் பார்க்கவில்லை' என்றாலோ பார்த்த ஆள் எவருமில்லை என்று பொருள் புரண்டுவிடுகிறது. செயப்படுபொருளாக வேண்டுமென்றால் 'யாரையும்' என்றுதான் சொல்ல வேண்டும்.

தொல்காப்பியம் இதைக் கவனித்திருக்கிறது. எழுத்ததிகாரத்தின் தொகைமரபில் ஐகார வேற்றுமை எப்படியெல்லாம் திரியும் என்று அடுக்கும் ஒரு நீண்ட நூற்பாவுக்குள் 'உயர்திணை மருங்கின் ஒழியாது வருதலும்' என்று ஓர் அடி இருக்கிறது. உயர்திணைப் பெயரில் ஐ மறையாமல் வரும் என்பது பொருள். மேலைநாட்டு மொழியியலார் இருபதாம் நூற்றாண்டில் பல மொழிகளை ஒப்பிட்டுத் தொகுத்த செய்தியின் ஒரு பகுதி இங்கே புணர்ச்சி விதிகளுக்கு நடுவே ஓரடியாகக் கிடக்கிறது. பின்னால் வந்த நன்னூல் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தி, உயர்திணையிடத்து 'விரிந்தும் தொக்கும்' என்று இரண்டையும் ஏற்கிறது. செய்யுளில் விலக்குகள் உண்டு என்பதால் தளர்த்தியிருக்கலாம்.

இந்த விதி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கத் திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளே போதும். 93ஆம் அதிகாரம் 'கள்ளுண்ணாமை'. கள்ளுக்கு உருபில்லை. 45ஆம் அதிகாரம் 'பெரியாரைத் துணைக்கோடல்', 90ஆம் அதிகாரம் 'பெரியாரைப் பிழையாமை', 70ஆம் அதிகாரம் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்'. மூன்றிலும் ஐ நிற்கிறது. தலைப்பு என்பது சுருங்கச் சொல்ல வேண்டிய இடம், தொகையாக்கிவிடத் தோன்றும் இடம். அங்கேயும் ஆளைக் குறிக்கும் பெயரிலிருந்து உருபைக் கழற்றவில்லை.

அடுத்து 46ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: 'சிற்றினஞ் சேராமை'. சேர் என்ற அதே வினைதான் மன்னரோடும் வருகிறது. சிற்றினம் என்பதும் மனிதர்களின் கூட்டம்தான், மரமோ கல்லோ அல்ல. ஆனாலும் உருபு இல்லை. 'விருந்தோம்பல்' என்பதில் விருந்து என்பது வீடு தேடி வந்த ஆட்கள். 'சுற்றந்தழால்' என்பதில் சுற்றம் உறவினர். 'ஒற்றாடல்' என்பதில் ஒற்று வேவு பார்ப்பவன். எதிலும் ஐ இல்லை. தலைப்பில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம், குறளுக்குள்ளும் இதே வழக்குதான். 'வருவிருந்து வைகலும் ஓம்புவான் வாழ்க்கை' என்பதில் விருந்துக்கும் ஓம்புவானுக்கும் நடுவே 'வைகலும்' என்று ஒரு சொல்லே புகுந்திருக்கிறது, அப்போதும் உருபு வரவில்லை. 'பெரியாரைப் பேணாது ஒழுகிற் பெரியாரால்' என்பதிலோ பேணுதல் என்ற கிட்டத்தட்ட அதே பொருளுள்ள வினைக்கு உருபு வந்துவிட்டது.

விருந்து, சுற்றம், இனம், ஒற்று ஆகிய நான்கும் ஆட்களைக் குறித்தாலும் சொல்லளவில் அஃறிணை. 'விருந்து புறத்ததா' என்று ஒன்றன்பால் முடிவோடுதான் அதே அதிகாரத்தில் வருகிறது. பெரியார், மன்னர் இரண்டும் சொல்லளவிலும் உயர்திணை, பலர்பால். ஆக, உருபு உள்ளே இருக்கும் மனிதனை நேராகப் பார்த்து வருவதில்லை; சொல் எந்தத் திணையில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து வருகிறது. இன்றைக்கும் 'கூட்டம் சேர்த்தார்' என்கிறோம், 'தொண்டர்களைச் சேர்த்தார்' என்கிறோம்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த வினோதமல்ல. ரஷ்ய மொழியில் ஆண்பால் பெயர்கள் செயப்படுபொருளாக வரும்போது உயிருள்ளவை ஒரு வடிவம் எடுக்கும், உயிரற்றவை எழுவாய் வடிவிலேயே நிற்கும். அந்த மொழியில் இறந்தவனைக் குறிக்கும் மெர்த்வெத்ஸ் என்ற சொல் உயிருள்ள வரிசையில் இருக்கிறது. பிணம் என்று பொருள்படும் த்ரூப் உயிரற்ற வரிசையில் இருக்கிறது. கண்ணெதிரே கிடப்பது ஒரே உடல், எந்தச் சொல்லால் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து வேற்றுமை மாறுகிறது. உயிர்மை என்று மொழியியலில் சொல்வது உயிரியல் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? எளிதாகக் கிடைக்கும் விடை, குழப்பத்தைத் தவிர்க்க என்பது. புத்தகத்தையும் பையனையும் வைத்து ஒரு வாக்கியம் சொன்னால் படித்தது யார், படிக்கப்பட்டது எது என்பதில் ஐயமில்லை. உருபு தேவையில்லை. இரண்டு ஆட்கள் வந்தால் அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்று தெரிய வேண்டும். அதனால் ஆளுக்கு உருபு. செயப்படுபொருள் எழுவாயைப் போலத் தோற்றம் தரும் அளவுக்கு அதற்கு உருபின் தேவை கூடும் என்பது இந்த வாதம்.

இதற்கு வலுவான ஆதரவு மலையாளத்தில் இருக்கிறது. மலையாளம் உயிருள்ளவற்றுக்கு உருபு கொடுக்கும், உயிரற்றவற்றைப் பொதுவாக வெறுமனே விடும். 'ஞான் ஆ புஸ்தகம் வாயிச்சு' என்று, குறிப்பிட்ட ஒரு புத்தகமாக இருந்தாலும், உருபில்லாமல் சொல்வார்கள். தமிழைவிட இதில் அவர்கள் தாராளம். ஆனால் கப்பல் அலைகளைப் பிளந்தது என்று சொல்ல வரும்போது கப்பலும் உயிரற்றது, அலையும் உயிரற்றது. எது எதைப் பிளந்தது என்பதை அறிவைக்கொண்டு ஊகிக்க முடியாது. அங்கே மட்டும் அலைகளுக்கு உருபு வந்துவிடுகிறது: 'கப்பல் திரமாலகளெ பேதிச்சு'. உயிரற்றதற்கு உருபு வேண்டாம் என்ற வழக்கத்தைக் குழப்பம் மீறவைக்கிறது.

இருந்தாலும் குழப்பம் மட்டுமே காரணம் என்று நிறுத்திவிட்டால் தமிழை விளக்க முடியாது. 'நான் அவனைப் பார்த்தேன்' என்ற வாக்கியத்தில் 'பார்த்தேன்' என்ற முடிவே பார்த்தவர் யாரென்று சொல்லிவிடுகிறது. கூடவே எழுவாயாக நிற்கும் 'நான்' என்ற வடிவமும் 'என்னை' என்ற வடிவமும் தனித்தனி. ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் 'நான் அவன் பார்த்தேன்' என்பது தமிழே அல்ல. குழப்பமில்லாத இடத்திலும் உருபு கட்டாயமாக நிற்கிறது.

எதிர்ப்பக்கத்தில், குழப்பம் கண்ணை மறைக்கும் இடத்தில் உருபு இல்லாமலே நம் முன்னோர் காலம் தள்ளியிருக்கிறார்கள். 'புலி கொல் யானை' என்ற தொடரைத் தொல்காப்பிய உரைகள் எடுத்துக்காட்டுகின்றன. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டும் சரி. இப்படிச் செய்தவரும் செய்யப்பட்டவரும் இடம் மாறி நிற்கக்கூடிய சொல்லைத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்கிறார் தொல்காப்பியர். அங்கே இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் வருவதை விலக்க வேண்டாம், பொருளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கருத்து. அடுத்த நூற்பாவில், பின்னால் வரும் பெயரைக்கொண்டு உணர்பவர்கள் வேற்றுமையைத் தெரிந்துகொள்வார்கள் என்று சொல்லிவிடுகிறார். இரண்டு விலங்குகள், யார் யாரைக் கொன்றார் என்பதே கேள்வி, உருபில்லை. உருபின் ஒரே வேலை குழப்பம் தீர்ப்பது என்றால் முதலில் இங்கேதான் வந்திருக்க வேண்டும்.

எனக்குச் சரியாகப் படுவது இது. ஐ என்பது ஒரு பொருளைத் தனியாக எடுத்து நிறுத்துகிறது. வினைக்குள் கரைந்துவிடாமல், தன் அடையாளத்தோடு வாக்கியத்தில் நிற்கும் பொருளுக்கு அது வருகிறது. மனிதர்களை நாம் பெரும்பாலும் இன்னார் என்றுதான் நினைக்கிறோம், அதனால் உயர்திணையில் அது இறுகிப்போய்விட்டது. குழப்பம் தீர்வது கூடவே கிடைக்கும் ஆதாயம்.

கிணற்றுக்கும் வீட்டுக்கும் இப்போது விளக்கம் கிடைக்கிறது. வெட்டும்போது கிணறு இன்னும் கிணறாகவில்லை. வெட்டுவதால்தான் அது உண்டாகிறது, அதனால் இந்தக் கிணறு என்று சுட்ட எதுவுமில்லை. தூர்ப்பதற்கோ ஏற்கெனவே ஒரு கிணறு இருந்தாக வேண்டும். 'கடிதம் எழுதினான்', 'கடிதத்தைக் கிழித்தான்'. 'படம் வரைந்தாள்', 'படத்தை அழித்தாள்' என்று இந்த வரிசை நீள்கிறது. உண்டாக்கும் வினைகள் உருபை எளிதில் விட்டுவிடும். உடைத்தல், கிழித்தல், அழித்தல் போன்ற வினைகள் விடாது. 'லைட் போடு' என்பதற்கும் 'லைட்டை அணை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டிலும் இதன் சாயல் இருக்கிறது. அணைப்பதென்றால் எரிந்துகொண்டிருக்கும் ஒரு விளக்கைச் சுட்ட வேண்டும்.

இலக்கண நூல்கள் இங்கே ஒரு சுருக்கமான விதியைத் தருவதுண்டு: அஃறிணையில் குறிப்பிட்ட பொருளென்றால் ஐ வரும், பொதுவாகச் சொன்னால் வராது. எழுத்துக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். பேச்சில் 'அந்தப் படம் பார்த்தியா?' என்று சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். 'அந்த' என்று சுட்டிய பிறகும் உருபில்லை. காரணம், படமும் பார்த்தலும் எப்போதும் சேர்ந்தே வரும் இணை. 'அந்தப் படம் கிழிச்சியா?' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். ஆகவே குறிப்பிட்ட பொருளா என்ற கேள்வியோடு, வினை அந்தப் பொருளுக்கு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலங்குகள் இந்தக் கோட்டின் மேல் நிற்கின்றன. 'கோழி வளர்க்கிறார்', 'மாடு மேய்க்கிறான்' என்று தொழிலாகச் சொல்லும்போது உருபு கிடையாது. 'கோழியைப் பிடி', 'மாட்டை அவிழ்த்து விடு' என்றால் உருபு உண்டு. 'ஒரு பாம்பு பார்த்தேன்', 'ஒரு பாம்பைப் பார்த்தேன்' இரண்டையும் பேச்சில் கேட்கலாம். 'ஒரு நண்பர் பார்த்தேன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யார் அந்த நண்பர் என்று கேட்பவருக்குத் தெரியாவிட்டாலும் 'ஒரு நண்பரை'த்தான்.

இங்கே மற்ற மொழிகள் வேறு பாதையில் போவதைப் பார்க்கலாம். ஹீப்ரு மொழி உயிர்மையைக் கண்டுகொள்வதே இல்லை. தெரிந்த பொருளென்றால், அது புத்தகமானாலும் பையனானாலும், முன்னால் 'எத்' என்ற சொல் வரும். தெரியாத யாரோ ஒரு பையன் என்றால் வராது. துருக்கிய மொழியில் 'கிதாப் ஒகுதும்' என்றால் ஏதோ புத்தகம் படித்தேன். உருபு சேர்த்தால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம். நம்முடையதைப் போலவே இருக்கிறது என்று நினைப்பதற்குள், 'ஒரு ஆளைப் பார்த்தேன்' என்பதை 'பிர் ஆதாம் கொர்தும்' என்று அவர்கள் உருபில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். ஸ்பானிய மொழி நமக்கு இன்னும் நெருக்கம். மரியாவைப் பார்க்கிறேன் என்றால் பெயருக்கு முன் 'அ' வரும், வீட்டைப் பார்க்கிறேன் என்றால் வராது. ஒரு குறிப்பிட்ட மருத்துவரைத் தேடினால் 'அ' உண்டு. யாராவது ஒரு மருத்துவர் கிடைத்தால் போதும் என்றால் அதை விட்டுவிடலாம்.

கடைசியாகச் சொன்னது தமிழிலும் உண்டு. ஒழியாது வரும் என்ற விதிக்கு விட்டுப்போன சந்து இதுதான். 'ஆள் தேடுகிறோம்' என்றால் வேலைக்கு யாராவது வேண்டும், முகம் இல்லை, பெயர் இல்லை. 'ஆளைத் தேடுகிறோம்' என்றால் ஒருவர் காணாமல் போயிருக்கிறார், அல்லது தப்பியோடியிருக்கிறார். 'பெண் பார்த்தார்கள்' என்பதற்கும் 'பெண்ணைப் பார்த்தார்கள்' என்பதற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும். இங்கே உருபு போன சொல் ஆளைக் குறிப்பதை விட்டுவிட்டு ஒரு நிலையைக் குறிக்கிறது, வினையோடு ஒட்டி ஒரே செயலாகிறது. வினையிலிருந்து அதைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 'ஆள் ஒரு மாதமாகத் தேடுகிறோம்' என்று இடையில் சொற்களைச் செருகினால் தொடர் தள்ளாடுகிறது. 'ஆளை ஒரு மாதமாகத் தேடுகிறோம்' நேராக நிற்கிறது. சுட்டு சேர்ப்பது இன்னொரு சோதனை. 'அந்த ஆள் தேடுகிறோம்' என்பது விழுந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்வதில் எழுதுபவருக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்படும் உரைநடையில் ஐ அளவுக்கு மீறிக் கொட்டிக் கிடக்கிறது. 'அவர் உரையை ஆற்றினார்', 'முயற்சியை எடுத்தார்கள்', 'கேள்விகளைக் கேட்டார்', 'கூட்டத்தை நடத்தினார்கள்'. ஒவ்வொன்றும் இலக்கணப்படி நிற்கும், ஆனால் உரையும் முயற்சியும் ஏற்கெனவே பேசப்பட்டவை என்ற சாயலைக் கொண்டுவந்துவிடும். முன்பின் சொல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றிய முதல் வரியில் 'கூட்டத்தை நடத்தினார்கள்' என்று படிக்கும் வாசகர், எந்தக் கூட்டம் என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். 'கூட்டம் நடத்தினார்கள்' என்றால் அந்தத் தடங்கல் இல்லை. உருபை எடுக்கும்போது ஒற்றையும் எடுத்துவிட வேண்டும். 'உரையைத் தயாரித்தார்' என்பதில் வரும் த், 'உரை தயாரித்தார்' என்பதில் வராது, ஏனென்றால் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது.

திருத்தும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தப் பெயரை அடுத்த வாக்கியத்தில் 'அது' என்று சுட்டிப் பேச்சைத் தொடரப்போகிறேனா? 'உரையை ஆற்றினார். அது இருபது நிமிடம் நீண்டது' என்று போகுமானால் ஐ இருந்துவிட்டுப் போகட்டும், சில இடங்களில் அது நன்றாகவே இருக்கும். உரையைப் பற்றி மேலே ஒன்றும் வரப்போவதில்லை என்றால் 'உரையாற்றினார்' போதும். ஆட்களின் பெயரில் மட்டும் இந்தச் சோதனையை நடத்துவதில்லை.